நாய், பூனை, செடி: அடுக்ககத்தில் எதை முதல் வேலையாக எடுப்பது?

காலையில் கிளம்பி இரவில் திரும்பும் குடும்பங்கள் நிறைந்த அடுக்ககத்தில் மூன்று வேலைகளுக்கு எப்போதும் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். நாயை வெளியே நடத்திச் செல்வது ஒன்று. வீட்டுக்காரர் ஊருக்குப் போகும் நாட்களில் பூனையையோ நாயையோ பார்த்துக்கொள்வது இன்னொன்று. அறைகளிலும் பால்கனியிலும் இருக்கும் செடிகளைப் பராமரிப்பது மூன்றாவது. மூன்றுக்கும் பெரிய முதலீடு வேண்டாம். மூன்றையும் வளாகத்தை விட்டு வெளியே போகாமலே செய்யலாம். அதனால் தொடங்க நினைப்பவர்கள் இவற்றை ஒரே வகை வேலையாக எண்ணி, எதில் பணம் அதிகம் என்று மட்டும் கேட்கிறார்கள்.

சில ஆண்டுகள் மூன்றையும் செய்துவிட்ட எனக்கு, அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. இந்த வேலையில் தவறு நடந்தால், அது எவ்வளவு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும்? நாய் நடையில் இரண்டு விநாடிக்குள் தெரிந்துவிடும். ஆனால் அதற்குள் நாய் கையை விட்டுப் போயிருக்கும். பூனையைப் பார்த்துக்கொள்வதில் ஒரு நாள் வரை தெரியாமல் இருக்கலாம். செடியில் மூன்று வாரம்கூட ஆகும். பணக்கணக்கு அதற்குப் பிறகுதான்.

அண்மையில் எங்கள் வளாகத்தில் மேல்மாடியில் இருக்கும் ஒரு பெண் இதே ஆலோசனை கேட்டு வந்தாள். "அக்கா, எனக்குக் காலையில் 6 முதல் 8 வரை நேரம் இருக்கிறது. மதியம் 11 முதல் 1 வரை. மாலையில் 5 முதல் 6.30 வரை. இதில் எதை எடுக்கலாம்?" என்றாள். இருவரும் ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஒரு நாயை அரை மணி நேரம் ஒரே ஒரு முறை நடத்திச் செல்ல வாங்கும் கட்டணத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம். மற்ற எல்லாவற்றையும் அந்தப் பங்கில் அளந்தோம். அந்தக் கணக்கை வைத்தே மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

நாய் நடையில் எல்லோரும் முதலில் செய்யும் பிழை, அரை மணி நேர நடைக்கு அரை மணி நேரம்தான் ஆகும் என்று நினைப்பது. சாவி எடுத்து, கதவைத் திறந்து, நாய் குதித்து அடங்கும் வரை காத்திருந்து, பட்டையை மாட்டி, லிஃப்டுக்கு நின்று, திரும்பி வந்து பாதங்களைத் துடைத்து, கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, வீட்டுக்காரருக்கு இரண்டு வரி அனுப்பினால், அரை மணி நேர நடை 40 நிமிட வேலை ஆகிவிடும். அதுவும் ஒரே கட்டடத்துக்குள் என்றால்தான். அடுத்த கட்டடம் என்றால் இன்னும் பத்து நிமிடம் சேரும். காலை இரண்டு மணி நேரத்தில் மூன்று நாய்கள் சரியாக அடங்கும் என்று கணக்குச் சொல்லும். நான் இரண்டோடு நிறுத்தச் சொன்னேன். ஒரு நாய் வயிற்றுப்போக்கோடு தரையை நாசமாக்கி வைத்திருக்கும் காலை கட்டாயம் வரும். அன்று மூன்றாவது நாய்க்குத் தாமதமாகும். அது அடக்கிக்கொண்டு கதவருகே நிற்கும்.

இந்த வேலையின் உண்மையான எல்லை இதுதான்: எல்லா நாய்க்கும் ஒரே நேரத்தில் வெளியே போக வேண்டும். காலை 6 முதல் 8, மாலை 5 முதல் 7. நண்பகலில் எவ்வளவு ஓய்வு இருந்தாலும் அந்த நேரத்தைக் காலை நடைக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது. இரண்டு வீட்டு நாய்களை ஒன்றாக நடத்தி நேரத்தைச் சேமிக்கலாமே என்று கேட்பார்கள். இரண்டும் வெளியிடத்தில் பலமுறை சந்தித்துப் பழகியிருந்தால் செய்யலாம். ஒரு நாயின் வீட்டு வாசலுக்கு இன்னொரு நாயை அழைத்துக்கொண்டு போய் அங்கே அறிமுகப்படுத்தக் கூடாது. வாசல் தன்னுடையது என்று அந்த நாய் நினைக்கிறது. சண்டை அங்கேதான் மூளும்.

அந்த இரண்டு விநாடித் தவறுகளுக்கு வருகிறேன். முதலாவது, கழுத்துப்பட்டை கழன்றுகொள்வது. பயந்த நாய் முன்னால் ஓடாது, பின்னால் இழுக்கும். தலையைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னால் மடித்து, பின்னோக்கி உதறினால் தளர்வான பட்டை தலை வழியே வந்துவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்றாவது விரல் நுழைந்தால் தளர்வு. புதிய நாய்க்கு முதல் மாதம் முழுவதும் மார்புப் பட்டையும் கழுத்துப்பட்டையும் இரண்டும் போட்டு, கயிற்றை இரண்டிலும் இணைக்கச் சொல்கிறேன். ஒன்று கழன்றாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது லிஃப்ட். அடுக்ககத்தில் நாய் நடத்துபவர் எதற்கும் அஞ்சாவிட்டாலும் இதற்கு அஞ்ச வேண்டும். ஆள் உள்ளே, நாய் வெளியே, நடுவில் கதவு. கயிறு மெல்லியதாக இருப்பதால் கதவின் உணர்கருவி அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். லிஃப்ட் நகரத் தொடங்கினால் நாயின் கழுத்து என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு முதல் ஆண்டில் ஒருமுறை கதவு மூடும் நொடியில் நாய் வெளியே திரும்பி நின்றுவிட்டது. காலை நடுவில் நீட்டிக் கதவைத் தடுத்தேன். அன்றிலிருந்து வீட்டிலிருந்து கீழ்த்தளம் வரை கயிற்றைக் கையில் சுருக்கி, நாய் என் முழங்காலை ஒட்டி நிற்கும்படிதான் போகிறேன். தானாக நீண்டு சுருங்கும் கயிற்றை வளாகத்துக்குள் எடுப்பதே இல்லை. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறு போதும்.

மூன்றாவது வெப்பம். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தத் தரையில் நாயின் பாதமும் வெந்துவிடும். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகியது. வேகமாக மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விப்பது அவற்றுக்குக் கடினம். வெயில் நாளில் பத்து நிமிடத்தோடு திரும்பிவிட வேண்டும். வீட்டுக்காரர் அரை மணி நேரத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறாரே என்று கணக்குப் பார்க்கக் கூடாது. மீதி நேரத்தை வீட்டுக்குள் விளையாட்டாகக் கொடுத்துவிடலாம். எச்சில் பிசினாகித் தொங்குவது, ஈறு கடும் சிவப்பாவது, கால் தள்ளாடுவது ஆகியவை வெப்பத் தாக்கின் அடையாளங்கள். அப்போது குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுவதும் ஊற்றிக் காற்றுப்படச் செய்ய வேண்டும். முதலில் குளிர்விப்பு, பிறகு மருத்துவரிடம் பயணம். வரிசை மாறினால் வழியிலேயே நேரம் போய்விடும்.

கடியைப் பற்றியும் ஒரு சொல். நாயின் தடுப்பூசிச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் யார் வீட்டு நாயையும் ஏற்க வேண்டாம். கடித்தால், கீறினால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தினமும் பல நாய்களைக் கையாளப் போகிறவர் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இனிப் பணம். மாதக் கணக்கில் பேசினால் ஒவ்வொரு நடைக்கும் முழுப் பங்கு கிடைக்காது; 0.8 பங்கு என்று வைத்தோம். இரண்டு நாய்கள், காலையும் மாலையும், மாதம் 26 நாட்கள் என்றால் 104 நடைகள். சுமார் 83 பங்கு. நேரம் ஏறக்குறைய 69 மணி. ஒரு மணி நேரத்துக்கு 1.2 பங்கு. மூன்றிலும் மொத்தமாக மிக அதிகம் தருவதும், மாதத்துக்கு மாதம் மாறாமல் வருவதும் இதுதான். ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் மூன்றிலும் குறைவு. இந்த முரண் பலருக்குத் தெரிவதில்லை.

பார்த்துக்கொள்ளும் வேலை நேர்மாறானது. ஒரு குடும்பம் ஐந்து நாள் ஊருக்குப் போகிறது, வீட்டில் ஒரு பூனை. நாளுக்கு இரண்டு முறை போனால் பத்து வருகைகள், பத்துப் பங்கு. ஒவ்வொன்றும் 35 நிமிடம், ஆக ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 1.7 பங்கு. விடுமுறைக் காலத்தில் கட்டணத்தை ஒன்றரை மடங்காக்கலாம்; அப்போது கேட்பவர்கள் அவ்வளவு பேர். ஆனால் எல்லோரும் ஒரே வாரத்தில்தான் ஊருக்குப் போகிறார்கள். அந்த வாரம் ஐந்து வீட்டை மறுக்க வேண்டியிருக்கும். அடுத்த ஆறு வாரம் ஒரு வீடும் இருக்காது. ஆண்டுக்கணக்கில் நல்ல வருமானம். மாதாமாதம் எதிர்பார்க்கும் பணத்துக்கு இதை நம்பக் கூடாது.

இந்த வேலையில் வெளியார் கண்ணுக்குத் தெரியாத பகுதி, பூனையைக் கவனிப்பது. பூனை உபத்திரவம் தராத பிராணி, உணவு வைத்துவிட்டு வந்தால் போதும் என்று வீட்டுக்காரரே சொல்லுவார். பூனை நோயை மறைக்கும். அதனால் நான் பூனையைப் பார்ப்பதோடு அதன் மணல் தட்டையும் பார்க்கிறேன். கட்டியாகும் மணலில் ஒவ்வொரு சிறுநீர்க் கழிப்பும் ஓர் உருண்டையாகிறது. முதல் நாளே உருண்டைகளை எண்ணி, அளவைக் குறித்துக்கொள்கிறேன். வழக்கமாகக் காலையில் இரண்டு பெரிய உருண்டை இருக்கும் வீட்டில் ஒன்றுமே இல்லை என்றால், அல்லது கோலிக்குண்டு அளவில் நிறையச் சிறு துளிகள் இருந்தால், ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம். தட்டில் போய்ப் போய்க் குந்தி, முனகி, எதுவும் வராமல் எழுந்துவரும். மலச்சிக்கல் என்று தவறாக நினைத்துவிடுவது எளிது. அடைப்பு என்றால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே, அந்த மணியிலேயே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாடும் அப்படித்தான். பூனை ஒரு நாள் முழுவதும் தொடாமல் இருந்தால் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், குறிப்பாகப் பருமனான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து பெரிய நோயாகிவிடும். "புது ஆளைப் பார்த்துக் கோபம், நாளைக்குச் சாப்பிடும்" என்று வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்னாலும், மறுநாளும் கிண்ணம் அப்படியே இருந்தால் நான் பேச்சை விட்டுவிடுவதில்லை. இதனால்தான் பூனைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும் என்று கேட்பவர்களுக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒருநாள் இடைவெளியில் நடப்பது மறுநாள் போகும்போது கைமீறியிருக்கலாம்.

மருத்துவரிடம் போக வேண்டிய நிலை வந்து, வீட்டுக்காரர் விமானத்தில் இருந்தால் என்ன செய்வது? முன்னரே எழுத்தில் வாங்க வேண்டியது இதுதான்: எந்த மருத்துவர், எவ்வளவு செலவு வரை கேட்காமல் செய்யலாம், தொடர்பு கிடைக்காவிட்டால் முடிவு சொல்ல இன்னொருவர் யார். மூன்று வரி. இந்த மூன்று வரி இல்லாமல் சாவி வாங்காதீர்கள்.

நாயை நம் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. தொடங்குபவருக்கு அதை நான் சொல்லமாட்டேன். புது வீட்டுக்கு வந்த நாய் முதல் இரண்டு நாள் தன் வீட்டைத் தேடும். கதவு திறந்தால் ஓடும். நம் வீட்டில் வருவோர் போவோர் எல்லோரையும் கதவு மூடப் பழக்க முடியாது. ஒருவரை மட்டும் நம்பி நடக்கும் வேலை அது இல்லை.

செடிகளுக்கு வருகிறேன். மூன்றில் மதிப்புக் குறைவாகப் பார்க்கப்படுவது இது. ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு முறை, இருபது தொட்டி, போகவர அரை மணி நேரம். முக்கால் பங்குக்கு மேல் யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆனால் மதியம் 11 மணிக்கும் செய்யலாம், 12 மணிக்கும் செய்யலாம். செடி காத்திருக்கும். எட்டு வீடுகள் என்றால் வாரத்தில் இரண்டு மதியங்கள் போதும். மாதம் 32 வருகை, 24 பங்கு, 16 மணி நேரம். மணிக்கு 1.5 பங்கு. மொத்தம் சிறியது, ஆனால் நாய் நடையால் பயன்படுத்தவே முடியாத நேரத்திலிருந்து வருகிறது.

இதில் பிழை மெல்லத் தெரியும் என்றேன். பெரும்பாலான அறைச்செடிகள் தாகத்தால் சாவதில்லை, அதிக நீரால் சாகின்றன. பராமரிக்க வந்தவர் எதுவும் செய்யாமல் போனால் காசுக்கு வேலை செய்யாதது போல இருக்கும் என்று நினைத்து எல்லாத் தொட்டிக்கும் ஊற்றிவிடுகிறார். வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகத் தொடங்கும். இரண்டு மூன்று வாரம் மேலே ஒன்றும் தெரியாது. பிறகு இலை தொங்கும். தொங்கும் இலையைப் பார்த்து, தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றுவார்கள். இங்கேதான் செடி போய்விடுகிறது. இலை தொங்கும்போது மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்து இலை தொங்கினால் தாகம். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் அழுகல். மண்ணை முகர்ந்தால் புளித்த வாடை வரும், தொட்டியைச் சுற்றிக் கொசுவைப் போன்ற சிறு ஈக்கள் எழும்.

அதனால் என் வேலை முறை, ஊற்றுவதற்கு முன் தொடுவது. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைக்கிறேன். சிறிய தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். ஊற்றிய அன்று அது எவ்வளவு கனம் என்று கைக்கு நினைவிருக்கும். ஸ்நேக் பிளாண்ட் இரண்டு மூன்று வாரம் தாங்கும். பீஸ் லில்லி நான்கு நாளில் உயிரே போனதுபோல் சரியும், நீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். பால்கனியில் இருக்கும் மண்தொட்டிகளுக்கு வாரம் ஒரு முறை போதவே போதாது. வெயில் காலத்தில் அவை தினமும் கேட்கும். அதைப் பேசும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் காய்ந்த செடிக்கு நாம் பதில் சொல்ல வேண்டிவரும்.

சில நேரம் நீரை ஊற்றியதும் அது அடியில் உடனே ஓடிவந்துவிடும். மண் நன்றாகக் குடித்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் முற்றிலும் காய்ந்து இறுகிய தென்னைநார்க் கலவையோ கரிமண் கலவையோ தொட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்கிறது. தண்ணீர் அந்த இடுக்கு வழியே இறங்கிவிடுகிறது, நடுவேர் உலர்ந்தே இருக்கிறது. அப்படிப்பட்ட தொட்டியை நீர் நிறைந்த தட்டில் அரை மணி நேரம் வைத்து அடியிலிருந்து குடிக்க விட வேண்டும். பிறகு தட்டில் மீதமுள்ள நீரைக் கொட்டிவிட வேண்டும்.

பால்கனியில் ஒரு சண்டைக் காரணம் உண்டு. மேல்வீட்டுச் செடிக்கு ஊற்றும் தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டுவது. வடிகால் துளையை ஒவ்வொரு முறையும் இலை, மண் நீக்கிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். புகார் செடிக்காரரிடம் போவதற்குள் சங்கத்துக்குப் போய்விடும். சங்கம் வேலைசெய்பவரைத்தான் வரவேண்டாம் என்று சொல்லும்.

செடியும் பிராணியும் ஒரே வீட்டில் இருக்கும்போது இரண்டையும் தெரிந்தவருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு. லில்லி மலர்க்கொத்து மேசையில் இருக்கும் வீட்டில் பூனை இருந்தால், உடனே வீட்டுக்காரருக்குச் சொல்லி அதை வெளியேற்ற வேண்டும். உண்மையான லில்லியின் இலை, மலர், உடம்பில் ஒட்டி நக்கிய மகரந்தம் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பீஸ் லில்லி அந்த இனமல்ல. அது வாயை எரிச்சலூட்டும், அவ்வளவே. பனை போலத் தோன்றும் சைக்கஸ் செடியை நாய் கடித்தால் கல்லீரல் பாழாகும். அதன் விதை இன்னும் மோசம்.

இப்போது அந்தப் பெண்ணின் முடிவு. அவளுடைய மூன்று நேரத் துண்டுகளையும் கணக்கையும் பக்கத்தில் வைத்தபோது விடை தானாகவே வந்தது. அடித்தளம் நாய் நடை, இரண்டு நாய்கள் மட்டும். மதியம் செடிகள், முதலில் மூன்று வீடு. பூனை, நாய் பார்த்துக்கொள்வதை வெளி ஆட்களிடம் எடுக்க வேண்டாம். ஏற்கெனவே நடத்தும் நாயின் வீட்டிலும் செடி பார்க்கும் வீட்டிலும் மட்டும். காலையில் நான் காலியாக விடச் சொன்ன அந்த 40 நிமிடம் ஒரு பூனை வீட்டுக்குச் சரியாக அடங்கும். மாலையில் மட்டும் அந்த ஐந்து நாள் அரை மணி நேரம் தாமதமாக வீடு திரும்ப வேண்டும்.

எல்லோருக்கும் இதே விடை என்று சொல்லமாட்டேன். முழங்கால் வலி உள்ளவருக்கு, பெரிய நாய் இழுத்தால் நிற்க முடியாதவருக்கு, நடை அடித்தளம் ஆகாது. பன்னிரண்டு செடி வீடுகளும் நான்கைந்து பூனை வீடுகளும் மெல்லச் சேர்த்துக்கொள்வதே அவருக்கு ஏற்றது. காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவருக்கும் அப்படியே. எண்ணிக்கையை உயர்த்துவதற்கு முன் கவனம் சிதறாத ஆளா என்று தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டும்: நடக்கும்போது கைபேசி பார்ப்பவருக்கு நாய் வேண்டாம், செடி போதும்.

முதல் நடைக்கு முன் ஒரு நாள் அவளும் நானும் அந்த இரண்டு வீட்டுக்கும் போனோம். வீட்டுக்காரர் இருக்கும்போதே பட்டையை மாட்டி, லிஃப்டில் இறங்கி, ஒரு சுற்று நடந்து திரும்பினோம். தெருவில் நன்றாக நடக்கும் ஒரு நாய், தன் வீட்டுக் கதவைத் திறந்து யார் நுழைந்தாலும் உறுமுவது அன்றுதான் தெரிந்தது. அதற்கு வீட்டுக்காரர் இரண்டு வாரம் மாலையில் தானே இருந்து கதவைத் திறந்துவிட ஒப்புக்கொண்டார். சாவிகளை வளையத்தில் கோத்தாள். வீட்டு எண்ணை எழுதாமல் நிறத் துணியைக் கட்டிக்கொண்டாள், தொலைந்தால் எடுத்தவருக்கு எந்த வீடு என்று தெரியக் கூடாது. பணத்தை மாத முதல் வாரத்திலேயே வாங்குவதென்றும், வீட்டுக்காரர் ஊருக்குப் போன நாட்களில் மாதம் மூன்று வரை கழிவு இல்லை என்றும் எழுதி இருவரிடமும் கொடுத்தாள். செடி வீடுகளில் முதல் வருகையன்று நீர் ஊற்றாமல் ஒவ்வொரு தொட்டியையும் தொட்டுப் பார்த்து, புகைப்படம் எடுத்து, அடியில் துளை இல்லாத நான்கு தொட்டிகளைக் கண்டுபிடித்தாள். அந்த நான்கிலும் நீர் தேங்கி நின்றது. அவற்றை மாற்றித் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாமா என்று என்னிடம் கேட்டாள். கேள் என்றேன்.